மூன்று ஆண்டு வாரண்டி கொடுத்தால் கட்டுப்படியாகுமா?

"வணக்கம் ஐயா. வீடுகளுக்கான அரை எச்.பி. தண்ணீர் மோட்டார் பம்ப் செய்யும் சிறிய கம்பெனி எங்களுடையது. போன ஆண்டு 5,000 பம்ப் விற்றோம், இந்த ஆண்டு 6,000. முழு பம்புக்கும் ஒரு ஆண்டு வாரண்டி. காயில் எரிந்து வந்தால் பேச்சே இல்லாமல் புது பம்ப் கொடுத்துவிடுவோம். இப்போது போட்டிக் கம்பெனி மூன்று ஆண்டு வாரண்டி என்று பெட்டியிலேயே அச்சடித்துவிட்டது. டீலர்கள் நம்மையும் நெருக்குகிறார்கள். எங்கள் கணக்கரோ, 'ஒரு ஆண்டில் நூற்றுக்கு நாலு பம்ப் திரும்புகிறது, மூன்று ஆண்டு என்றால் பன்னிரண்டு, செலவு மூன்று மடங்கு, தாங்காது' என்கிறார். இன்னொன்று: பழைய மாடலை நிறுத்திவிட்டோம். அதன் ஸ்பேரையும் நிறுத்திவிட்டால் மக்கள் புது மாடலை வாங்குவார்கள் அல்லவா? வாரண்டி பதிவேட்டின் நகலை இணைத்திருக்கிறேன். எந்தப் பக்கம் போவது என்று சொல்லுங்கள்."
— பெயர் வேண்டாம் என்று கேட்ட வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

பதிவேட்டை அனுப்பியது நல்ல காரியம். அது இல்லாமல் பதில் எழுதியிருந்தால் நானும் பொதுவாகத்தான் ஏதாவது சொல்லியிருப்பேன். அதை இரண்டு முறை வரிவரியாகப் படித்தேன். உங்கள் பிரச்சினை ஒரு ஆண்டா மூன்று ஆண்டா என்பதில் இல்லை. காயில் எரிந்தால் முழு பம்பையும் மாற்றித் தருகிறீர்களே, அதில் இருக்கிறது. எப்படி என்று சொல்கிறேன்.

பழுது ஆண்டுக்கு ஆண்டு ஒரே அளவில் வராது

உங்கள் கணக்கர் நாலை மூன்றால் பெருக்கிவிட்டார். பொருள்கள் அப்படிப் பழுதாவதில்லை. தொடக்கத்தில் ஒரு கூட்டம் பழுதாகும். தயாரிப்பிலும் பொருத்துவதிலும் நடந்த தவறுகள் அப்போதே வெளியே வந்துவிடும். பிறகு சில காலம் அமைதியாக ஓடும். தேயும் பாகங்கள் தேய்ந்து முடியும்போது பழுது மறுபடி ஏறும். ஆகவே மூன்று ஆண்டுச் செலவைச் சொல்ல, எந்த பாகம் எந்த மாதத்தில் போகிறது என்று தெரிய வேண்டும்.

உங்கள் பதிவேட்டில் இருக்கும் 240 புகார்களைப் பிரித்துப் பார்த்தேன். மெக்கானிக்கல் சீல் கசிவு 110, காயில் எரிந்தது 60, பம்ப் இறுகிச் சுற்றாமல் நின்றது 40, கெப்பாசிட்டர் 20, மற்றவை 10. சீல் கசிவும் இறுகலும் சேர்த்து 150. அவற்றில் 118, பம்ப் வாங்கிய முதல் மூன்று மாதத்துக்குள் வந்தவை. இவை மூன்று ஆண்டில் மூன்று மடங்காகப் போவதில்லை. பம்ப் வெளியே போகும்போதே உள்ளே இருந்த குறை அது. வாரண்டி ஆறு மாதம் என்றாலும் வந்திருக்கும், ஆறு ஆண்டு என்றாலும் அதே எண்ணிக்கைதான்.

இறுகிப்போன பம்புகளைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். உங்களுடையதைப் போன்ற செல்ஃப் ப்ரைமிங் பம்பில், தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லருக்கும் அதை மூடிய கேசிங்குக்கும் நடுவில் ஒரு தாள் நுழையும் இடைவெளிதான். பம்பைத் தொழிற்சாலையில் தண்ணீர் ஊற்றி டெஸ்ட் செய்கிறீர்கள். பிறகு வடித்துவிட்டுப் பெட்டியில் போடுகிறீர்கள். உள்ளே நாலு துளி தங்கிவிடுகிறது. டீலர் கடையில் நாலைந்து மாதம் அலமாரியில் இருக்கும்போது, வார்ப்பிரும்புக் கேசிங்கில் துரு பூத்து, அந்தத் தாள் இடைவெளியை அடைத்துவிடுகிறது. வீட்டுக்காரர் ஸ்விட்சைப் போடுகிறார். மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை. நல்ல மெக்கானிக் உடனே கரன்ட்டை நிறுத்திவிட்டு, பின்பக்க ஃபேன் மூடியைக் கழற்றி, ஷாஃப்ட் நுனியில் இருக்கும் வெட்டில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து முன்னும் பின்னும் திருப்புவார். கரகரவென்று ஒரு சத்தத்தோடு விட்டுக்கொடுக்கும். இரண்டு நிமிட வேலை.

வீட்டுக்காரருக்கு அது தெரியாது. "ஏதோ சத்தம் வருகிறது, தண்ணீர் வரும்" என்று ஸ்விட்சை விட்டுவைப்பார். சுற்றாமல் நிற்கும் மோட்டார் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரன்ட் இழுக்கும். சில நிமிடத்தில் காயில் கருகிவிடும். உங்கள் 60 எரிந்த காயில்களில் ஒரு பகுதி உண்மையில் இந்த 40-இன் உடன்பிறப்புகள் என்பது என் சந்தேகம். திரும்பி வந்த, காயில் சுற்றிய ஸ்டேட்டர்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் பாருங்கள். வைண்டிங் முழுவதும் ஒரே சீராகக் கறுத்திருந்தால் இறுகியோ அதிகச் சுமையிலோ எரிந்தது. ஒரே ஒரு இடத்தில் பொட்டுப்போல் கருகி மற்றதெல்லாம் பளபளவென்று இருந்தால், காயில் சுற்றும்போதே இன்சுலேஷன் அடிபட்டது. அது உங்கள் ஆட்களின் தவறு. முன்னதுக்கு மருந்து, டெஸ்ட் முடிந்ததும் காற்றடித்து உலர்த்தித் துருத்தடுப்பு எண்ணெய் தெளிப்பதும், சூடு மீறினால் கரன்ட்டை நிறுத்தும் தெர்மல் ஓவர்லோட் ப்ரொடெக்டரை வைண்டிங்குக்குள்ளேயே வைப்பதும். பின்னதுக்கு மருந்து வைண்டிங் மேஜையில்தான்.

பணம் எங்கே போகிறது

நீங்கள் டீலருக்குக் கொடுக்கும் விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். சீல் மாற்ற, மெக்கானிக் கூலியும் சேர்த்து ஒரு புகாருக்குச் சுமார் 8 ஆகிறது. இறுகலுக்கு 6, கெப்பாசிட்டருக்கு 9, மற்றவற்றுக்கு 10. காயில் எரிந்தால் நீங்கள் புது பம்ப் தருவதால், அடக்க விலை 70, போக்குவரத்து 10, மொத்தம் 80. உங்கள் செலவுத் தாளில் இருந்த எண்களை முழு எண்ணாக்கித்தான் எழுதுகிறேன்; கூலியை மட்டும் மெக்கானிக் வெளி வேலையில் வாங்கும் கூலியாகப் போட்டிருக்கிறேன், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இப்போது பெருக்கிப் பாருங்கள். 60 காயிலுக்கு 4,800. மீதி 180 புகார்களுக்கும் சேர்த்தே 1,400. மொத்தம் 6,200, 6,000 பம்புக்குப் பகிர்ந்தால் ஒரு பம்புக்கு ஒன்றுக்குச் சற்று மேல், அதாவது விலையில் ஒரு சதவீதம். புகாரில் கால் பங்குதான் காயில். செலவில் முக்கால் பங்குக்கு மேல் அதுதான்.

முழு பம்புக்குப் பதில், வைண்டிங் செய்து வார்னிஷ் போட்ட ஸ்டேட்டரை மட்டும் மாற்றினால் என்ன ஆகும்? ஸ்டேட்டர் 20, கழற்றி மாட்டும் கூலி 10, மொத்தம் 30. முதல் ஆண்டுச் செலவு 6,200-இலிருந்து 3,200-க்கு இறங்கிவிடும். வாடிக்கையாளருக்கு இதில் குறை எதுவும் இல்லை. சொல்லப்போனால் அவருக்குச் சீக்கிரம் தண்ணீர் வரும். புது பம்ப் கிடங்கிலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லையே.

ஒரு திருத்தம். நூற்றுக்கு நாலு என்பதை, இந்த ஆண்டு வந்த புகாரை இந்த ஆண்டு விற்பனையால் வகுத்துச் சொல்லியிருக்கிறீர்கள். வந்த புகாரில் பாதிக்குப் பக்கம் போன ஆண்டு விற்றவை. அப்போது விற்பனை குறைவு. விற்பனை ஏறும் கம்பெனியில் இந்தக் கணக்கு எப்போதும் பழுதைக் குறைத்தே காட்டும். தயாரித்த மாதத்தை வைத்துப் பிரித்தால்தான் உண்மை தெரியும். அதுவரை என் எண்கள் எல்லாவற்றின் மேலும் பத்து சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டாம், மூன்றாம் ஆண்டுக்கு எண் எங்கிருந்து வரும்

உங்களிடம் அது இல்லை. வாரண்டி முடிந்ததும் பதிவும் நின்றுவிடுகிறது. ஆனால் மூன்று ஆண்டுக்கு முன் வந்த வாரண்டி அட்டைகள் மூட்டை கட்டிக் கிடப்பதாகப் பதிவேட்டின் ஓரத்தில் யாரோ எழுதியிருக்கிறார்கள். அந்த மூட்டை தங்கம். அதிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு 200 அட்டையை எடுங்கள். ஒருவர் உட்கார்ந்து பத்து நாள் போன் செய்யட்டும். "பம்ப் ஓடுகிறதா? எப்போது பழுதானது? என்ன மாற்றினார்கள்?" என்று மூன்றே கேள்வி. நல்லபடியாக ஓடுகிறது என்று சொன்ன அட்டைகளை மட்டும் ஒதுக்கி வைத்துவிடாதீர்கள், போன் எடுக்காதவர்களை "பழுதில்லை" என்றும் எழுதாதீர்கள்.

200-இல் இரண்டாம் ஆண்டில் 5, மூன்றாம் ஆண்டில் 9 பழுது என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். ஐந்து என்பது சிறிய எண். உண்மை இரண்டாகவும் இருக்கலாம், பதினொன்றாகவும் இருக்கலாம். ஆகவே முடிவு எடுக்கும்போது கூடுதல் பக்கத்தையும் ஒரு முறை போட்டுப் பாருங்கள். இப்போதைக்கு இந்த எண்ணையே 6,000 பம்புக்கு விரித்தால், இரண்டாம் ஆண்டில் 150 புகார், மூன்றாம் ஆண்டில் 270. இரண்டாம் ஆண்டில் 40 காயில், மீதி சீல். மூன்றாம் ஆண்டில் 50 காயில், 120 சீல், பேரிங் தேய்ந்தது 100 என்று கொள்வோம். பேரிங் மாற்ற 14 ஆகும்.

இதில் மூன்று வழி இருக்கிறது. இப்போது செய்வதுபோலவே முழு பம்பை மாற்றிக்கொண்டு மூன்று ஆண்டுக்கு எல்லாவற்றுக்கும் வாரண்டி கொடுத்தால், ஒரு பம்புக்கு ஏறக்குறைய 2.8 ஆகும். கணக்கர் பயந்தது இதற்குத்தான், அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது. ஸ்டேட்டரை மட்டும் மாற்றும் முறைக்கு வந்து, மூன்று ஆண்டும் எல்லாவற்றுக்கும் கொடுத்தால் 1.5. முதல் ஆண்டு எல்லாவற்றுக்கும், அடுத்த இரண்டு ஆண்டு காயிலுக்கு மட்டும் என்று கொடுத்தால் 0.98. இதே கூலியில் கணக்கிட்டால், இன்றைக்கு ஒரே ஒரு ஆண்டுக்கு நீங்கள் செலவழிப்பதைவிட அது சற்றே குறைவு.

என் தேர்வு மூன்றாவது வழி. சீலும் பேரிங்கும் தேயும் பாகங்கள். அவை எவ்வளவு நாள் வரும் என்பது தண்ணீரில் மணல் இருக்கிறதா, பம்ப் வறண்டு ஓடுகிறதா என்பதைப் பொறுத்தது. காயில் அப்படி இல்லை, அது பெரும்பாலும் உங்கள் கையில் இருக்கிறது. அதற்கு நீங்கள் நீண்ட வாக்குக் கொடுக்கலாம். ஹூண்டாய் 1998-இல் அமெரிக்காவில் 10 ஆண்டு அல்லது 1,00,000 மைல் வாரண்டி அறிவித்தபோதும், அது எஞ்சின், கியர்பாக்ஸ் அடங்கிய பவர்ட்ரெய்னுக்குத்தான், அதுவும் முதல் உரிமையாளருக்குத்தான். மற்ற பாகங்களுக்கு 5 ஆண்டு. பெயரைக் காப்பாற்றிக்கொள்ள வாரண்டியை நீட்டுவதற்கு முன் பொருளைச் சரிசெய்துவிட வேண்டும். மோசமான பொருளுக்கு நீண்ட வாரண்டி கொடுத்தால் அது கம்பெனியையே தின்றுவிடும். வாங்குபவர்கள் நீண்ட வாரண்டியைத் தரத்தின் அடையாளமாகப் பார்ப்பதும் இதனால்தான்.

போட்டிக் கம்பெனியின் வாரண்டி அட்டையையும் ஒரு பம்ப் வாங்கியாவது முழுதாகப் படியுங்கள். பெட்டியின் மேல் "3 ஆண்டு" என்று பெரிதாக இருந்தால், உள்ளே அது எதற்கு என்று சிறிதாக இருக்கும். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். "முழு பம்ப் 1 ஆண்டு, மோட்டார் காயில் 3 ஆண்டு" என்று பெட்டியின் முகப்பிலேயே ஒரே அளவு எழுத்தில் போடுங்கள். வாரண்டி பில் தேதியிலிருந்து தொடங்கும் என்பதையும் எழுதுங்கள். தொழிற்சாலையை விட்ட தேதியிலிருந்து என்றால் அலமாரியில் இருந்த ஐந்து மாதத்தை வாடிக்கையாளர் தலையில் கட்டுவதாகிவிடும். இன்னொன்று, அட்டையில் எழுதுவது சட்டம் வாங்குபவருக்குத் தரும் உரிமையைக் குறைக்காது. பல நாடுகளில் குறையுள்ள பொருளுக்கு விற்பவரின் பொறுப்பு அட்டை முடிந்த பிறகும் சில காலம் இருக்கும். உங்கள் வழக்கறிஞரிடம் அட்டை வாசகத்தை ஒரு முறை காட்டிவிடுங்கள்.

பணத்தை விற்கும்போதே ஒதுக்குங்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புது வாரண்டியின் முதல் ஆண்டில் உங்கள் செலவு குறையும், ஏனென்றால் ஸ்டேட்டர் முறை மலிவு. "ஆகா, கட்டுப்படியாகிறது" என்று தோன்றும். இந்த ஆண்டு விற்ற பம்பின் மூன்றாம் ஆண்டுப் புகார் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். மூன்று ஆண்டு கழிந்தால் ஒரே நேரத்தில் 18,000 பம்புக்கு நீங்கள் பொறுப்பாளி. ஒரு பம்ப் விற்கும்போதே அதற்கான 0.98-ஐ, நான் சொன்ன பத்து சதவீதத்தையும் சேர்த்து 1.1 ஆக, தனிக் கணக்கில் வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை உண்மைச் செலவோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள்.

மெக்கானிக்குக்கு என்ன கொடுக்கிறீர்கள்

உங்கள் தாளில் வாரண்டி வேலைக்கான கூலி, அதே மெக்கானிக் வெளி வேலையில் வாங்குவதில் பாதிதான் இருக்கிறது. அவர் நிலையில் இருந்து பாருங்கள். வாரண்டி பம்ப் வந்தால் அவருக்கு நஷ்டம். "வறண்டு ஓடியிருக்கிறது, வாரண்டியில் வராது" என்று சொன்னால் அதே வேலைக்கு முழுக் கூலி. பத்துப் பேரில் ஏழு பேர் நேர்மையாக இருந்தாலும் மீதி மூன்று பேர் உங்கள் வாக்கைப் பொய்யாக்கிவிடுவார்கள். வெளிக் கூலியையே கொடுங்கள். மேலே என் கணக்கில் இருக்கும் கூலி எல்லாம் வெளி வேலைக் கூலிதான்.

வறண்டு ஓடிய பம்ப் வாரண்டியில் வராது என்று நீங்கள் வைத்தால், அதை நிரூபிக்க வேண்டியது நீங்கள். சீலின் தேயும் முகத்தில் சூட்டால் வந்த மெல்லிய விரிசல், இறுகிக் கருத்த ரப்பர், உருகி வளைந்த பிளாஸ்டிக் பாகம், இவற்றைப் படம் எடுத்து அனுப்பினால்தான் மறுப்பு ஏற்கப்படும் என்று விதி வையுங்கள். படம் இல்லாத மறுப்பு வேண்டாம்.

எத்தனை ஆண்டு என்பதற்கு மேல், தண்ணீர் இல்லாத வீட்டில் எத்தனை மணி நேரம் என்பதைக் கேளுங்கள். நான் ஒரு கம்பெனியின் சர்வீஸ் பிரிவில் இருந்தபோது, கையளவு சீல் ஒன்றுக்காக ஒரு வீட்டில் மூன்று வாரம் குடத்தில் தண்ணீர் சுமந்தார்கள். வாரண்டி உயிரோடுதான் இருந்தது. அந்தத் தெருவில் அதற்குப் பிறகு எங்கள் பம்ப் ஒன்றும் போகவில்லை. ஒவ்வொரு டீலர் கடையிலும் 2 ஸ்டேட்டர், 10 சீல், 5 கெப்பாசிட்டர், மாற்று பம்ப் ஒன்று என்று ஒரு பெட்டி வையுங்கள். பணம் உங்களுடையது, பயன்படுத்தியதற்கு மட்டும் கணக்கு. அதில் இருக்கும் மாற்று பம்ப், பழுது பார்க்கும்வரை வீட்டில் ஓட.

பழைய மாடல் ஸ்பேர்

இதில் உங்களோடு உடன்பட முடியவில்லை. பழைய பம்புக்கு இம்பெல்லர் கிடைக்கவில்லை என்றால், வீட்டுக்காரர் உங்கள் புது மாடலைத் தேடி வருவார் என்று நினைக்கிறீர்கள். அவர் யாரைக் கேட்பார்? மெக்கானிக்கை. "அந்தக் கம்பெனி பாகமே தரமாட்டான், வேறே வாங்குங்க" என்பார் அவர். நீங்கள் இழப்பது ஒரு ஸ்பேர் விற்பனையை அல்ல. அடுத்த பம்பையும், அந்த மெக்கானிக் சொல்லும் இடங்களில் எல்லாம் போக இருந்த பம்பையும் சேர்த்துத்தான்.

அப்புறம், நீங்கள் பயப்படும் அளவுக்கு இது பெரிய சுமையும் இல்லை. பேரிங் 6201, 6202 என்ற பொது அளவு. எந்தக் கடையிலும் கிடைக்கும். கெப்பாசிட்டரும் அப்படித்தான். சீல் புது மாடலிலும் அதே 12 மி.மீ. என்று உங்கள் பாகப் பட்டியல் சொல்கிறது. அதை மாற்றிவிடாதீர்கள். உங்களால் மட்டுமே தர முடிந்தவை இம்பெல்லர், கேசிங், ஸ்டேட்டர் மூன்றுதான். ஸ்டேட்டருக்கு ஸ்டாம்பிங் தகடு புது மாடலிலும் அதேதான், தேவைப்படும்போது சுற்றிக்கொள்ளலாம். ஆகவே இருப்பு வைக்க வேண்டியது இரண்டு பாகம்.

இம்பெல்லர் மூன்று ஆண்டாக 200, 170, 140 என்று போயிருக்கிறது. ஆண்டுக்கு ஏறக்குறைய 15 சதவீதம் இறங்குகிறது. இதே இறக்கத்தில் அடுத்த ஏழு ஆண்டுக்கு 120, 100, 85, 72, 61, 52, 44 என்று கூட்டினால் 534. உடைசலுக்குச் சேர்த்து 550 வார்த்து, எண்ணெய் தடவி, வைத்துவிடுங்கள். கேசிங்குக்கும் இதே கணக்கு. வார்ப்பு அச்சை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் எடைக்குப் போடாதீர்கள்; கணக்கு தவறினால் உங்களைக் காப்பாற்றப்போவது அதுதான்.

ஏழு ஆண்டு ஏன் என்று கேட்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, ஒரு மாடலின் கடைசிப் பொருள் சந்தைக்கு வந்ததிலிருந்து, ஃப்ரிட்ஜின் முக்கிய பாகங்கள் குறைந்தது 7 ஆண்டும், வாஷிங் மெஷினுடையவை 10 ஆண்டும் கிடைக்க வேண்டும். கேட்டால் 15 வேலை நாளுக்குள் அனுப்ப வேண்டும். பம்புக்கு அந்த விதி உங்களைக் கட்டாது. ஆனால் நீண்ட நாள் உழைக்கும் பொருளுக்கு எது நியாயம் என்று பலர் யோசித்து வைத்த அளவு அது. "இந்த மாடல் நிறுத்திய பிறகும் 7 ஆண்டு ஸ்பேர் கிடைக்கும்" என்ற வரியையும் பெட்டியில் போடுங்கள். போட்டியாளர் அட்டையில் அது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

வரிசை இதுதான்: முதலில் உலர்த்துவதும் ஓவர்லோட் ப்ரொடெக்டரும். கூடவே அந்த 200 போன். அப்புறம் டீலர் பெட்டிகளும் மெக்கானிக் கூலியும். இவை ஓடத் தொடங்கி மூன்று மாதம் ஆன பிறகு பெட்டியில் "3 ஆண்டு" அச்சடியுங்கள். அதற்குள் போட்டியாளரிடம் கொஞ்சம் விற்பனை போகும், அது எனக்குத் தெரிகிறது. டீலர்களிடம் தேதி சொல்லிப் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். போன் செய்து முடித்ததும் அந்த எண்களை அனுப்புங்கள். 200-இல் மூன்றாம் ஆண்டுக் காயில் பழுது நாலைத் தாண்டினால், அச்சடிக்கும் முன் மறுபடி பேச வேண்டும்.